ஜூபிலி மலரா, விழா மலரா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பழைய வீட்டு அலமாரிகளில் இவை ஒன்றிரண்டு கிடக்கும்: ஒரு தலைமையாசிரியரின் மணிவிழா மலர், ஒரு அருட்தந்தையின் குருத்துவ ஜூபிலி மலர், தாத்தாவின் நினைவு மலர். குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் எடுப்பது இவற்றைத்தான்.

'ஜூபிலி'யின் வேர் எபிரேயச் சொல்லான 'யோபேல்'. ஆட்டுக்கடாவின் கொம்பு என்று பொருள். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் எக்காளம் ஊதி அறிவிக்கப்படும் ஐம்பதாம் ஆண்டுக்கு அந்தப் பெயர் நின்றது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நமக்கு ஜூபிலியாக வந்தது. வேதாகமத் தமிழில் யூபிலி. ஆகவே முதற்பொருளில் அது ஐம்பது மட்டுமே. நமக்கோ 25-க்கு வெள்ளிவிழா, 50-க்குப் பொன்விழா, ஒருவரின் அறுபதுக்கு மணிவிழா என்று தனித்தனியே சொல் இருக்கிறது. புத்தகத்துக்கு 'விழா மலர்' போதும், 'சுவனீர்' வேண்டாம். மலர் நல்ல சொல். சூட்டுவதற்கென்றே தொடுப்பது அது, தொடுப்பவர்களும் வேண்டியவர்கள்தான்.

எந்த விழாவும் ஏதோ ஒரு தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். நான் பார்த்த ஒரு மணிவிழா மலர் 1985-இல் வந்தது. வாழ்க்கைக் குறிப்பில் பிறப்பு 1925 மே. அதே மலரில் அவருடைய அக்கா எழுதிய கட்டுரையில், "தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் தம்பி தொட்டில் பிள்ளை" என்று ஒரு வரி. அந்த வெள்ளம் கொல்லம் ஆண்டு 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில் வந்தது. அப்படியானால் தம்பி அதற்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிறப்பு 1099 சித்திரை என்று இருந்தது. கொல்லம் ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். ஆக 1924. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துச் சொல்வது அன்று சாதாரணம். அந்தத் தேதியே பணிப்பதிவேட்டுக்கும், அங்கிருந்து மலருக்கும் வந்துவிட்டது.

மலரில் தேதி தவறுவது தொகுப்பவர்கள் அறியாமல் நடப்பது. புகழ்ச்சி வேறு. "ஊரின் முதல் பட்டதாரி", "பள்ளிக்கு நிலத்தை இலவசமாக வழங்கினார்" என்ற இரண்டையும் நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. நிலத்துக்குப் பத்திரம் இருக்கும்; சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்தால் தானமா, கிரயமா என்று தெரிந்துவிடும். வழக்கு, பணியிடை நீக்கம், முதல் மனைவி போன்றவை மலரில் வராது. வேலை பார்த்த ஊர்களின் பட்டியலில் இரண்டு வருடம் காணவில்லை என்றால், அங்கேதான் விசாரிக்க வேண்டும்.

அப்புறம் கடைசிப் பக்க விளம்பரங்கள். அங்கே யாரும் யாரையும் புகழ வேண்டியதில்லை. அந்த மணிவிழா நாயகரின் மருமகனுடைய மருந்துக்கடை எந்த வருடம், எந்தத் தெருவில் இருந்தது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்தேன்.