செகண்ட் ஹேண்ட் கிட்டார் பாக்க போறீங்களா, நாலஞ்சு ஏடிஎம் கார்டு கொண்டு போங்க

பழைய கிட்டார் வாங்க கடைக்கு போனா முக்கால்வாசி பேர் கீறல் இருக்கா, பாலிஷ் போயிருக்கான்னுதான் பாக்குறாங்க. கீறலால ஒரு பிரச்சினையும் இல்ல. பாக்க வேண்டியது கம்பிக்கும், கையால புடிக்கிற நீட்டுப் பகுதியான நெக்குக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்குங்கறதத்தான். அது கூடினா விரல் வலிக்கும், அமுக்கும்போது கம்பி இழுபட்டு சுருதியும் ஏறிரும். இங்க சொல்றது ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு மட்டும், நைலான் கம்பிக்கு கணக்கு வேற.

ஸ்டீல் கம்பி ஆறும் சேந்து கிட்டத்தட்ட எழுபது கிலோ பாரத்துல இழுத்துக்கிட்டே இருக்கு. வருசக்கணக்கா இப்படி இழுத்தா நெக் முன்னுக்கு வளையும், இல்லன்னா கம்பிய கீழ்ப்பக்கம் புடிச்சிருக்கிற பிரிட்ஜ் ஒட்டியிருக்கிற முன் பலகை மேல எழும்பும். ஹட்டன், நுவரெலியா பக்கம் இன்னொன்னும் இருக்கு, மே மாசம் மழை புடிச்சா லயத்து அறையில சுவரே ஈரமாத்தான் கிடக்கும், பலகை அந்த ஈரத்த இழுத்து அகலமாகப் பாக்கும், ஆனா சுத்திவர ஓரமெல்லாம் ஒட்டியிருக்கறதால அகலத்துக்கு போக வழி இல்லாம நடுவுல உப்பிக்கிட்டு மேல வரும், கம்பியும் கூடவே உயரும்.

முதல்ல கடையில கம்பிய சரியான சுருதிக்கு ஏத்தச் சொல்லுங்க, போன்ல ஒரு டியூனர் ஆப் இருந்தா போதும். இத விட்றாதீங்க. கம்பிய தளர்த்தி வச்சிருந்தா வளைவு தெரியாது, எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே இருக்கும். ஏத்திட்டு பத்து நிமிசம் விட்டு அளங்க.

ஏடிஎம் கார்டு ஒன்னு முக்கா மில்லிமீட்டர் தடிப்பு, எந்த பேங்க் கார்டா இருந்தாலும் அதே அளவுதான், எழுத்து புடைச்சிருக்காத கார்டா எடுங்க. நெக்குல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கோடுதான் ஃப்ரெட், தலைப்பக்கத்துல இருந்து எண்ணி 12ஆவது ஃப்ரெட் மேல கார்டுகள அடுக்கி, தடிச்ச ஆறாவது கம்பிக்கு கீழ தள்ளிப் பாருங்க. மூணு கார்டு, கொஞ்சம் இடம் மிச்சமா போனா நல்ல உயரம். நாலு போனா பழகிக்கலாம். அஞ்சு போனா காரணம் தேடணும், ஏன்னா ஒரு காரணத்துக்கு வைத்தியம் லேசு, இன்னொன்னுக்கு கிட்டார் விலைய விட கூட செலவாகும்.

தம்பி ஒருத்தர் சர்ச்சுல வாசிக்க கிட்டார் தேடினாரு, ரெண்டு பாத்தோம், ரெண்டுலயும் அஞ்சு கார்டு போச்சு, அதாவது 3.8 மில்லிமீட்டர். அடுத்ததா நெக் வளைவு. ஆறாவது கம்பிய முதலாவது ஃப்ரெட்லயும் 14ஆவதுலயும் ஒரே நேரம் அமுக்கினா கம்பியே நேர்கோடு ஆயிரும், நடுவுல ஏழாவது ஃப்ரெட்ல எவ்வளவு இடைவெளின்னு பாக்கலாம். ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இருந்தா சரி.

முதல் கிட்டார்ல அந்த இடைவெளி சரியாத்தான் இருந்துச்சு, அப்ப நெக் வளையல. மிச்சம் பிரிட்ஜ் பக்கம். கம்பி உக்காருற வெள்ளை துண்டு, சாடில்னு சொல்வாங்க, அத ராவி இறக்கலாம், ஆனா 12ஆவது ஃப்ரெட், கம்பியோட நீளத்துக்கு சரி பாதியில இருக்கறதால அங்க ஒரு மில்லிமீட்டர் குறைய சாடில்ல ரெண்டு மில்லிமீட்டர் ராவணும். நமக்கு வேண்டியது 2.5, அப்ப 1.3 குறையணும், சாடில்ல 2.6 போகணும். அங்க பிரிட்ஜுக்கு மேல தெரிஞ்சதே ரெண்டு மில்லிமீட்டர்தான். கடைக்கார அண்ணன் “ராவி தாரேன் தம்பி”ன்னாரு, ராவ அங்க என்ன இருக்கு? பிரிட்ஜுக்கு பின்னால ஒரு தாள் துண்ட தள்ளினோம், அதுவும் நாலஞ்சு மில்லிமீட்டர் உள்ள போச்சு, பசை விட்டிருச்சு. அந்த கிட்டார வேண்டாம்னு திருப்பி வச்சுட்டோம்.

ரெண்டாவதுல ஏழாவது ஃப்ரெட்ல ஒரு ஏடிஎம் கார்டே நுழைஞ்சிச்சு, நெக் நல்லா வளைஞ்சிருக்கு. கேக்க பயமா இருக்கும், ஆனா இதுதான் லேசான நோய், நெக்குக்குள்ள ட்ரஸ் ராட்னு ஒரு இரும்பு கம்பி இருக்கு, ஆலன் கீ போட்டு முறுக்கினா நெக் நிமிரும். அத வாங்கினதுக்கு பிறகு செய்யாதீங்க, காசு குடுக்க முன்னாடி கடைக்காரரே உங்க கண்ணு முன்னுக்கு கால் சுத்து முறுக்கிக் காட்டட்டும். முறுக்கு திரும்பி இடைவெளி குறைஞ்சா ராட் வேலை செய்யுது, ஏற்கனவே இறுகி அசையவே இல்லன்னா விட்டுருங்க. இந்த கிட்டார்ல கால் சுத்துக்கே குறைஞ்சிச்சு, இன்னும் கொஞ்சம் முறுக்கினதும் 12ஆவதுல நாலு கார்டுக்கு இறங்கிருச்சு, சாடிலும் நாலு மில்லிமீட்டர் மேல நின்னுச்சு, மிச்சத்த அதுல ராவிக்கலாம்.

அடை மழை நேரத்துல பாக்குறதா இருந்தா, உப்பின பலகை வெயில் காலத்துல கொஞ்சம் தணியும், அத மனசுல வச்சுக்கலாம். பிரிட்ஜ்ல விட்ட பசை மட்டும் எந்த வெயிலுக்கும் திரும்ப ஒட்டாது.