எலுமிச்சம்பழத்தை முதலில் கீழே வையுங்கள்

போன வாரம் ஒரு அக்கா, கிரீம் கலர் காட்டன் டாப்ஸ் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு என் சலவைக் கடைக்கு வந்தார். மகளுடையதாம். ஹேர் டை அடிக்கும்போது தோள்பட்டையில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது, எட்டணா அகலம்தான் இருந்தது என்றார். பையைப் பிரித்தால் தோளிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு பழுப்பு மேகம். கூடவே இரண்டு டவல், அவற்றிலும் அதே நிறம்.

"என்ன போட்டீங்க அக்கா?"

"ஒண்ணும் போடலையே தம்பி."

முகர்ந்து பார்த்தால் எலுமிச்சை வாசனை. கொஞ்சம் தயங்கி அப்புறம் சொன்னார். எலுமிச்சையும் உப்பும் தேய்த்து, துணி பிரஷால் நன்றாக அழுத்தித் தேய்த்து, போகவில்லை என்றதும் வெந்நீர் பக்கெட்டில் சோப்புத்தூள் கரைத்து அந்த இரண்டு டவலோடு சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் இது ஆறாவது துணி. அதனால்தான் கடையைப் பூட்டிய கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எலுமிச்சையை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். மருதாணிப் பொடியைக் கரைக்கும்போது எலுமிச்சை பிழிகிறீர்களே, எதற்கு? நிறம் ஏறத்தானே? கையில் போட்ட மருதாணி காய்ந்ததும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து பஞ்சால் ஒற்றுகிறீர்களே, அது எதற்கு? இன்னும் சிவக்கத்தானே? கையில் நிறத்தைக் கூட்டுகிற அதே எலுமிச்சை, துணியில் விழுந்ததும் நிறத்தை எடுத்துவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இரும்புத் துருவுக்கு எலுமிச்சை சரி, அது வேறு கதை. மருதாணிக்கு அது உதவாது, ஹேர் டைக்கும் உதவாது. பட்டாக இருந்தால் நிறம் இன்னும் நன்றாகப் பிடிக்கத்தான் வழி செய்கிறீர்கள். வினிகரும் இதே கட்சிதான், அதையும் விட்டுவிடுங்கள்.

சரி, விழுந்தது மருதாணியா டையா என்று முதலில் தெரிய வேண்டும். கோனில் வருவது, இலை அரைத்தது எல்லாம் துணியில் ஆரஞ்சு அல்லது செங்கல் நிறத்தில் நிற்கும். கறுப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ நின்றால், பாக்கெட்டில் மருதாணி இலைப் படம் போட்டிருந்தாலும் அது டைதான். "கறுப்பு மருதாணி" என்று விற்கிற பொடிகளில் பலவற்றில் பிபிடி என்கிற டை ரசாயனம் இருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். "நாங்க டையே யூஸ் பண்றதில்லை அண்ணா, மருதாணி மட்டும்தான்" என்று சொல்பவர்கள் கொண்டுவருகிற டவலில் பாதிக்கு மேல் டைதான்.

டை எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், மற்றது தானாகப் புரியும். டியூபில் இருக்கும்போது அதற்குப் பெரிதாக நிறமே கிடையாது. கூடவே வருகிற டெவலப்பர், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு, சேர்ந்த பிறகுதான் நிறம் மெல்ல மெல்ல உருவாகும். அரை மணி நேரம் தலையில் வைத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். துணியில் விழுந்த சொட்டும் அதே அரை மணி நேரத்தில் நூலுக்குள் போய்க் கறுத்துவிடும். அதனால் முதல் பத்து நிமிடம் தங்கம். "முடிக்கு அடிச்சு முடிச்சுட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றால் முடிந்தது கதை.

முதல் வேலை, தேய்க்காமல் எடுப்பது. ஸ்பூனாலோ பழைய விசிட்டிங் கார்டாலோ ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். மருதாணி விழுது காய்ந்து போயிருந்தால் தண்ணீர் படாமல் சுரண்டி உதறுங்கள். ஈரம் பட்டால்தான் அது மறுபடி நிறம் விடும். விழுது ஈரமாக இருந்தால் காயட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஈரமாக இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் நிறம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்தது கறை பரவாமல் அலசுவது. எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் இது. துணியை அப்படியே பக்கெட்டில் முக்காதீர்கள். ஒரு சொம்பை எடுத்து அதன் வாயில் கறைப் பகுதியை உள்பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரித்து, முரசுத் தோல் போல இழுத்து ரப்பர் பேண்ட் போடுங்கள். மீதித் துணியைச் சுருட்டி மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அது நனையவே கூடாது. இப்போது குழாயை நூல் போலத் திறந்து, பச்சைத் தண்ணீரைக் கறையின் நடுவில் விடுங்கள். வந்த வழியாகவே நிறம் சொம்புக்குள் இறங்கும், பக்கவாட்டில் போகாது. சொம்பில் சேர்கிற தண்ணீர் துணியைத் தொடுவதற்கு முன் கொட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். தண்ணீர் தெளிவாக விழும்வரை செய்ய வேண்டும். அந்த அக்கா வீட்டில் இதை மட்டும் செய்திருந்தால்கூட எட்டணா எட்டணாவாகவே இருந்திருக்கும்.

அப்புறம் ஒரு பழைய வெள்ளை பனியன் துணியை நாலாக மடித்து மேசையில் போட்டு, கறையை அதன் மேல் குப்புறப் படுக்க வையுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் தேய்க்கிற லிக்விட். அதைப் பஞ்சில் தொட்டு, துணியின் பின்பக்கத்திலிருந்து, கறையின் வெளி ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு ஒற்றிக்கொண்டே வாருங்கள். ஸ்பூனின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டலாம். பிரஷ் வேண்டாம். பிரஷ் போட்டால் நூல் சிலிர்த்துக்கொள்ளும், பிறகு கறை போனாலும் அந்த இடம் வெளுத்த மாதிரியே தெரியும். அடியில் இருக்கிற பனியன் துணி நிறம் வாங்கியதும் அதைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்தாமல் ஒற்றினால் எடுத்த நிறத்தை நீங்களே திருப்பி ஏற்றுகிறீர்கள். மருதாணியாக இருந்தால் சோப்பு பட்டதும் நிறம் கொஞ்சம் ஆழமாகத் தெரியலாம், பயப்படாதீர்கள், அது கரைகிறது என்று அர்த்தம். ஒற்றிக்கொண்டே போங்கள். பனியன் துணியில் நிறம் விழுவது நின்றுவிட்டால், இனி சோப்பால் ஆவது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் பெராக்சைடு. டைக்கு நிறம் வரவழைப்பதே பெராக்சைடுதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அலசாத புது டை கறையில் அதை ஊற்றினால், துணியிலேயே டையை டெவலப் செய்து கொடுக்கிறீர்கள். அலசி, சோப்பில் ஒற்றி, மறுபடி அலசிய பிறகு மட்டும்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பொதுவாக 6 சதவீதப் பாட்டில் தருவார்கள். லேபிளைப் பார்த்துவிட்டு, அதே அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். வெள்ளைப் பருத்திக்கும் வெளிர் பருத்திக்கும் அது போதும். துணி கலராக இருந்தால் உள்தையல் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியின் சாயம் ஒட்டினாலோ வெளுத்தாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

கலந்ததைப் பஞ்சுக் குச்சியால் கறையில் மட்டும் வைத்து, காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் கவர் மூடி, இருபது நிமிடம். அப்புறம் அதே சொம்பு முறையில் அலசல். இரண்டு மூன்று தடவை செய்யலாம், அதற்கு மேல் போனால் துணி பாவம். சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் போர் தண்ணீர் பக்கெட்டில் மஞ்சளாகப் படிகிறதென்றால் அதில் இரும்பு இருக்கிறது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நூலை அரித்துவிடும், இன்றைக்குத் தெரியாது, நாலு துவையல் கழித்து ஓட்டை விழும். இந்த ஒரு வேலைக்கு மெட்ரோ தண்ணீர், இல்லையென்றால் கேன் தண்ணீர். எவர்சில்வர் சொம்பு அலசுவதற்கு சரி, பெராக்சைடு கலக்க கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ எடுங்கள். கலந்து மிஞ்சியதை மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

வெள்ளை டவலுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. டவலைத் தனியாக அலசி, தண்ணீர் தெளிந்த பிறகு, குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் பொடியை, கை பொறுக்கிற சூட்டில், பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். தனி பக்கெட். தலையணை உறையையும் பள்ளிச் சட்டையையும் அதில் போடாதீர்கள், தண்ணீர் மிச்சம் பிடிக்கிற நேரம் இது இல்லை.

குளோரின் பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல டைகளில் அம்மோனியா இருக்கிறது. அலசாத டவலில் பிளீச்சை ஊற்றினால் இரண்டும் சேர்ந்து நெஞ்சைப் பிடிக்கிற வாயு வரும், அதுவும் ஜன்னல் இல்லாத பாத்ரூமில். துணி போனால் போகட்டும், மூச்சு முக்கியம்.

பட்டு விஷயத்தில் நீங்கள் எதுவுமே செய்ய வேண்டாம். பட்டும் நம் தலைமுடி மாதிரி புரத நார்தான், மருதாணி முடியைப் பிடிப்பது போலவே பட்டையும் பிடிக்கும். வழித்தெடுத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிவிட்டு, நனைக்காமல் அன்றைக்கே கொண்டுவாருங்கள். கடையில் நாங்கள் ஹைட்ரோஸ் வைத்திருக்கிறோம், அது நிறத்தையே உடைக்கும், ஆனால் புடவையின் சாயத்தையும் சேர்த்து உடைக்கும், அதனால் எல்லாப் புடவைக்கும் அதைக் கையில் எடுக்க முடியாது. யூடியூபைப் பார்த்துவிட்டு அதை வாங்கி வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். ஈரம் பட்டால் சூடேறிப் பற்றிக்கொள்கிற சரக்கு அது.

கறை முழுதாகப் போகும்வரை இஸ்திரி பெட்டியைத் தொடாதீர்கள். டை அடிக்கும் நாளில் தோளில் பழைய கறுப்பு லுங்கி ஒன்று போதும். மருதாணி வைத்துக் குளித்த பிறகும் இரண்டு மூன்று நாள் முடி நிறம் விடும், நம் ஊர் வியர்வைக்கு அது நேராகத் தலையணைக்குத்தான் போகும், பழைய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுவரும்போது என்ன போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எலுமிச்சையா, பிளீச்சா, டூத்பேஸ்டா, எதுவானாலும் நான் திட்ட மாட்டேன், அதாவது ரொம்பத் திட்ட மாட்டேன். எதன் மேல் எதைப் போடக்கூடாது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த கிரீம் டாப்ஸுக்கு இரண்டு நாள் பிடித்தது. மேகம் போய்விட்டது, ஏனென்றால் அது சோப்புத் தண்ணீரில் பரவிய மேலோட்டமான நிறம். முதலில் சொட்டு விழுந்த எட்டணா இடம் மட்டும் வெளிர் பழுப்பாக அப்படியே நிற்கிறது. துப்பட்டா போட்டால் தெரியாது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.