உதடு பின்னால், குரல் முன்னால்

மிரர்லெஸ் கேமராவை ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வழியாக வெப்கேமாக மாற்றித் தரச் சொல்லி வருபவர்கள், படத்தின் தெளிவைப் பார்த்ததுமே திருப்தியாகிவிடுவார்கள். ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆன்லைனில் மொழி வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரும் அப்படித்தான் போனார். உச்சரிப்புப் பாடம் வந்தபோதுதான், “டீச்சர், உங்க வாய் அசையுறதுக்கு முன்னாடியே சத்தம் வருது” என்று மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் இணைய வேகத்தைச் சந்தேகப்பட்டார். இணையக் கோளாறு என்றால் படம் உறையும், ஒலி விட்டுவிட்டு வரும். எல்லா வகுப்பிலும் ஒரே அளவு விலகல் இருந்தால் கோளாறு நம் மேசையில்தான்.

அவருடைய மைக் நேராகக் கம்ப்யூட்டரில் செருகப்பட்டிருந்தது. படமோ கேமரா, கார்டு, யுஎஸ்பி என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் தங்கித்தான் வருகிறது. அதனால் குரல் முந்திக்கொள்கிறது. இடி மின்னலுக்குப் பின்னால் வந்தே பழகிய நமக்கு, ஒலி முந்துவதுதான் அதிகம் உறுத்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி சுமார் 45 மில்லிவினாடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது.

அளப்பது எளிது. ஓபிஎஸ் மென்பொருளில் வினாடிக்கு 30 ஃபிரேமில் பதிவு செய்துகொண்டே கேமரா முன் ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். அதை எடிட்டிங் மென்பொருளில் திறந்து, ஒலி அலை எழும் ஃபிரேமுக்கும் கைகள் தொடும் ஃபிரேமுக்கும் இடைவெளியை எண்ணுங்கள். ஆசிரியைக்கு 5 ஃபிரேம் வந்தது. ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிவினாடி என்பதால், கிட்டத்தட்ட 167. ஓபிஎஸ்ஸின் Advanced Audio Properties பகுதியில், மைக்குக்கு நேராக உள்ள Sync Offset கட்டத்தில் 167 என்று போட்டதும் பதிவில் உதடும் குரலும் சேர்ந்துவிட்டன.

ஆனால் ஜூம் வகுப்பில் பழைய கதைதான். பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஓபிஎஸ்ஸின் விர்ச்சுவல் கேமரா படத்தை மட்டுமே அனுப்பும்; ஜூம் மைக்கைத் தனியாக நேரே எடுத்துக்கொள்ளும். ஓபிஎஸ்ஸில் போட்ட தாமதம் அங்கே போய்ச் சேராது.

அவருக்கு நான் செய்தது, மைக்கைக் கேமராவின் மைக் துளைக்கு மாற்றியதுதான். அங்கே செருகினால் ஒலியும் அதே ஹெச்டிஎம்ஐ கேபிளில் படத்தோடு சேர்ந்து வரும். பிறகு ஜூமில் வீடியோ, மைக் இரண்டுக்கும் கேப்சர் கார்டையே தேர்வு செய்ய வேண்டும். யுஎஸ்பி மைக்கை இப்படிச் செருக முடியாது, 3.5 மிமீ பின் உள்ள மைக் வேண்டும். எல்லாக் கேமராவிலும் மைக் துளை இருப்பதில்லை, அதையும் முதலில் பார்த்துவிடுங்கள். கேமராவின் ஒலி அளவு ஆட்டோவில் இருந்தால், நீங்கள் பேசாத நேரத்தில் மின்விசிறி இரைச்சல் மேலெழும், மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

ஓபிஎஸ் வழியில் தொடர்பவர்கள், கார்டையோ ரெசல்யூஷனையோ மாற்றினால் மறுபடி கைதட்டி அளக்க வேண்டும். பழைய எண் பொருந்தாது.