டான்ஸிங் டீச்சர் ஆடுகிறாரா, ஆடக் கற்றுத்தருகிறாரா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு வாசகியின் கேள்வி இது. ‘ஸ்லீப்பிங் பேபி’, ‘ஸ்லீப்பிங் பில்’ இரண்டிலும் இருப்பது ஒரே ‘ஸ்லீப்பிங்’தானே? முதலாவது பிரசன்ட் பார்ட்டிசிப்பிள், இரண்டாவது ஜெரண்ட் என்று விடைக் குறிப்பில் போட்டிருக்கிறது, எப்படி?

பள்ளியில் படித்ததுதான். வினைச்சொல்லோடு ‘இங்’ சேர்ந்து பெயர்ச்சொல்லாக நின்றால் ஜெரண்ட், நம் தொழிற்பெயர் மாதிரி. அதே ‘இங்’ பெயரெச்சம், வினையெச்சம் செய்யும் வேலையைச் செய்தால் பார்ட்டிசிப்பிள். தமிழில் பாடுதல், பாடுகிற, பாடிக்கொண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. பழைய ஆங்கிலத்திலும் வரவில்லை. அங்கே பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ விகுதி, எச்சத்துக்கு ‘எண்டெ’ விகுதி. இடைக்கால ஆங்கிலத்தில் ‘எண்டெ’ மெல்ல மெல்லத் தேய்ந்து ‘இங்’குக்குள் கலந்துவிட்டது. ஜெர்மன் மொழி இன்றும் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது.

சரி, பிரித்துப் பார்ப்பது எப்படி? ‘இங்’ சொல்லையும் அதோடு ஒட்டி வரும் சொற்களையும் மொத்தமாகத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஷீ என்ஜாய்ஸ் சிங்கிங் ஓல்ட் சாங்ஸ்’ என்பது ‘ஷீ என்ஜாய்ஸ் இட்’ ஆகும். வாக்கியம் நிற்கிறது, ஆகவே ஜெரண்ட். ‘வாக்கிங் டு த பஸ் ஸ்டாப், ஐ சா அ ஸ்நேக்’ என்பதில் போட்டால் ‘இட், ஐ சா அ ஸ்நேக்’ என்று உளறலாகிறது, ஆகவே பார்ட்டிசிப்பிள். பலர் தடுக்கி விழுவது ‘மொத்தமாக’ என்பதில்தான். ‘சிங்கிங்’கை மட்டும் எடுத்தால் ‘ஷீ என்ஜாய்ஸ் இட் ஓல்ட் சாங்ஸ்’ என்று வரும், சோதனையே தப்பிவிடும்.

‘இஸ்’ஸுக்குப் பின்னால் வந்தால் இதைவிட எளிய வழி உண்டு: வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘மை ஹாபி இஸ் சிங்கிங்’ திரும்பி ‘சிங்கிங் இஸ் மை ஹாபி’ ஆகும். ‘மை சிஸ்டர் இஸ் சிங்கிங்’ திரும்பாது, ஏனென்றால் பாடுதலும் அக்காவும் ஒன்றல்ல, பாடுதல் அக்கா செய்யும் வேலை.

வாசகி கேட்ட ‘ஸ்லீப்பிங் பில்’லில் இந்த இரண்டும் எடுபடாது, ‘இங்’ அங்கே இன்னொரு பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே விரித்துப் பார்க்க வேண்டும். தூங்குகிற குழந்தை உண்டு, தூங்குகிற மாத்திரை கிடையாது. அது தூங்குவதற்கான மாத்திரை. ‘அதைச் செய்கிற’ என்று விரிந்தால் பார்ட்டிசிப்பிள், ‘அதற்கான’ என்று விரிந்தால் ஜெரண்ட். ‘ரன்னிங் வாட்டர்’, ‘ரன்னிங் ஷூஸ்’ இரண்டையும் நீங்களே விரித்துப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்ததுதான். எழுத்தில் மறைந்த இந்த வித்தியாசம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ‘டான்ஸிங் டீச்சர்’ என்று சொல்லும்போது கவனியுங்கள். ‘டான்ஸ்’ என்ற அசையை அழுத்தி, ‘டீச்சர்’ மீது குரலைத் தணித்தால், அவர் நடனம் கற்றுத்தரும் ஆசிரியை, அதாவது ஜெரண்ட். ‘டீச்சர்’ மீதும் அழுத்தம் விழுந்தால், ஆண்டு விழா மேடையில் ஆடிக்கொண்டிருக்கும் கணக்கு டீச்சராகக்கூட இருக்கலாம், அதாவது பார்ட்டிசிப்பிள். ஜெரண்ட் அடுத்த பெயரோடு சேர்ந்து ஒரே தொகைச்சொல்லாகிவிடுகிறது. ஆங்கிலத் தொகைச்சொல்லில் அழுத்தம் பெரும்பாலும் முதல் பாதியில்தான் விழும். இலக்கண வகுப்பில் விதியை ஒப்பிக்கச் சொல்லும் நேரத்தில் பாதியையாவது காதால் கேட்கவைக்கச் செலவிடலாம் என்பது என் கட்சி.

சில வாக்கியங்கள் வேண்டுமென்றே மாட்டிவிடும். ‘விசிட்டிங் ரிலேட்டிவ்ஸ் கேன் பி டயரிங்’ என்றால் அலுப்பு தருவது எது? உறவினர் வீட்டுக்குப் போவதா, நம் வீட்டுக்கு வரும் உறவினர்களா? ‘கேன்’ ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது, அதனால் விஷயத்தை மறைத்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டால் போகும் செயல், ஜெரண்ட். ‘ஆர்’ போட்டால் வந்திருக்கும் ஆட்கள், பார்ட்டிசிப்பிள். எழுதியவர் மனதில் எது இருந்தது என்பதை முன்பின் வாக்கியங்கள்தான் சொல்லும்.

‘ஹி வென்ட் ஃபிஷிங்’ இன்னும் வம்பு. ‘இட்’ போட்டால் நிற்காது, ஆகவே பார்ட்டிசிப்பிள் என்று சோதனை சொல்லும். ஆனால் இது முன்பு ‘அ-ஃபிஷிங்’ என்று இருந்தது. அந்த ‘அ’, ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லின் தேய்ந்த வடிவம். வரலாற்றின்படி அது பெயர்ச்சொல், இன்றைய நடத்தையின்படி அப்படி இல்லை. இப்படிப்பட்டவை ஏராளமாக இருப்பதால்தான் ஹடில்ஸ்டனும் புல்லமும் 2002-ல் கொண்டுவந்த பெரிய ஆங்கில இலக்கண நூலில், வினையாக நிற்கும் இந்த ‘இங்’ வடிவத்துக்கு இரண்டு பெயர் வேண்டாம் என்று ‘ஜெரண்ட்-பார்ட்டிசிப்பிள்’ என ஒன்றாக்கிவிட்டார்கள். தேர்வுத் தாள் திருத்துபவர்கள் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் விடைத்தாளில் பிரித்தே எழுதுங்கள்.