கணக்காசிரியரின் நோட்டில் விழுந்த சந்தை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் முதலீட்டு ஆலோசகராக இருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் போன மாதம் நீள நோட்டு ஒன்றுடன் பதறி வந்தார். தன்னிடம் இருக்கும் மூன்று பங்குகளின் விலையைக் கூட்டி மூன்றால் வகுத்து, தினமும் ஒரு குறியீட்டெண் எழுதி வருகிறார். "நேற்று 500, இன்று 333. செய்தியில் ஒன்றுமே இல்லையே, சார்?"

விலைகள் 1000, 300, 200. இவற்றில் 1000 ரூபாய்ப் பங்கு முகமதிப்பு பிரிக்கப்பட்டு, ஒன்று இரண்டாகி, விலை 500 ஆகியிருந்தது. கூட்டுத்தொகை 1500-லிருந்து 1000-க்கு இறங்கியது. அவரோ பழையபடி மூன்றால் வகுத்துவிட்டார்.

மாற்ற வேண்டியது வகுத்தியை. முந்தைய நாள் முடிவில் குறியீடு 500. புதிய கூட்டுத்தொகை 1000. ஆகவே இனி வகுத்தி 2. பிறகு 200 ரூபாய்ப் பங்கை விலக்கி 400 ரூபாய்ப் பங்கைச் சேர்த்தால், கூட்டுத்தொகை 1200, வகுத்தி 2.4, குறியீடு அதே 500. இரண்டு விலைகளும் ஒரே நாளின் இறுதி விலையாக இருக்க வேண்டும். புதிய பங்குக்கு மட்டும் மறுநாள் விலையைப் போட்டால், அந்த ஒரு நாள் ஏற்ற இறக்கம் வகுத்திக்குள் புகுந்து நிரந்தரமாகத் தங்கிவிடும். பழைய பட்டியலும் புதிய பட்டியலும் ஒரே மாலையில் ஒரே எண்ணைத் தருகின்றனவா என்று பார்த்தால் தவறு தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் குறியீடு 30 பங்குகளை இப்படித்தான் கணக்கிடுகிறது. பலமுறை திருத்தி அதன் வகுத்தி ஒன்றுக்கும் வெகு கீழே போய்விட்டது. 2020 ஆகஸ்ட் 31 அன்று ஆப்பிள் பங்கு ஒன்று நான்கானது. அன்றே அதன் பட்டியலில் மூன்று நிறுவனங்கள் மாற்றப்பட்டன.

ஆனால் வகுத்தி எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை. ஆசிரியரின் பெரிய பங்கு பிரிப்புக்கு முன் 10% ஏறினால் குறியீடு 6.7% ஏறும், பிரிப்புக்குப் பின் 5% மட்டுமே. நிறுவனத்தில் எதுவும் மாறாமல் அதன் செல்வாக்கு மட்டும் குறைகிறது. விலையை வைத்தே எடை தரும் இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

சென்செக்ஸ், நிஃப்டி இரண்டும் விலையைச் சந்தையில் புழங்கும் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்குகின்றன. விலை பாதியானால் எண்ணிக்கை இரட்டிக்கும். பெருக்குத்தொகை அசையாது, திருத்தமும் வேண்டாம். நிறுவனம் மாறும்போது வேலை உண்டு. மொத்த மதிப்பு 60,000 கோடி, அடிப்படை மதிப்பு 6,000 கோடி, முதலாவதை இரண்டாவதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் குறியீடு 1000 என்று வைப்போம். 2,000 கோடி நிறுவனம் வெளியேறி 12,000 கோடி நிறுவனம் வந்தால் மொத்தம் 70,000 கோடி. அடிப்படையை 7,000 கோடியாக்கினால் குறியீடு 1000-லேயே நிற்கும்.

"இதில் என் பணம் எங்கே தெரிகிறது?" என்றார் ஆசிரியர். நல்ல கேள்வி. அவர் முறை ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பங்கு இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அவரிடமோ 200 ரூபாய்ப் பங்குதான் நிறைய. நோட்டில் 'எண்ணிக்கை' என்று புதிய பத்தி ஒன்றுக்கு அங்கேயே கோடு போட்டார்.