பக்கவாதம்: ஒரு சொல்லும் ஒரு பால் பாக்கெட்டும்

சென்னையில் இந்த நோய்க்குப் பேச்சுவழக்கில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. படித்தவர்கள் 'ஸ்ட்ரோக்' என்பார்கள். வயதானவர்கள் 'வாதம் வந்துடுச்சு', 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு', 'கை கால் விழுந்துடுச்சு' என்பார்கள். எழுத்தில் பக்கவாதம், பழைய மருத்துவ நூல்களில் பாரிசவாயு.

பாரிசம் என்றால் பக்கம். பார்சுவம் என்ற வடசொல்லின் திரிபு. வாதமும் வாயுவும் காற்றுதான். வாதம், பித்தம், கபம் என்று உடலைப் பிரித்துப் பார்த்த மருத்துவத்தில், அசைவுக்குப் பொறுப்பு வாதம். அது கெட்டால் ஒரு பக்கம் அசையாது. அந்தக் கணக்கில் பொருத்தமான பெயர்தான். ஆனால் வடமொழியில் இதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது: பக்ஷாகாதம். ஆகாதம் என்றால் அடி. கிரேக்கர்கள் சொன்ன அபோப்ளெக்ஸியாவுக்கும் 'அடித்து வீழ்த்தப்படுவது' என்றுதான் பொருள். ஆங்கில ஸ்ட்ரோக்கும் அடியே. கடவுளின் கை அடித்தது என்ற நம்பிக்கையிலிருந்து வந்தது. அந்த அடி விழும் இடம் மூளை என்பதற்குக் கண்கூடான ஆதாரம் 1658இல்தான் அச்சேறியது. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோஹான் வெப்ஃபர் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, அங்கே ரத்தம் கசிந்திருந்ததை எழுதினார்.

ஆகாதம், அபோப்ளெக்ஸியா, ஸ்ட்ரோக் மூன்றும் அடி விழும் கணத்தைச் சொல்கின்றன. பக்கவாதம் என்று நாம் சொல்வது அடி விழுந்த பிறகு மிச்சமிருக்கும் நிலையை. இந்த வித்தியாசத்தை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

பெரம்பூரில் இருக்கும் மாமாவுக்கு 61 வயது. பதினான்கு வருடமாக பிபி. மாத்திரை உண்டு, ஆனால் 'தலை சுத்தல, ஒண்ணும் இல்ல' என்று வாரத்தில் பாதி நாள் போடமாட்டார். (ரத்தக் கொதிப்பு என்ற பெயருக்கும் இதில் பங்கு உண்டு. கொதித்தால் தெரியும் என்றுதானே நினைப்போம்? பிபி பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது.) ஒரு நாள் காலை 6:10க்கு பால் வாங்கிக்கொண்டு வந்தவர் கையிலிருந்து பாக்கெட் நழுவி வாசலில் விழுந்தது. வலது கை மரத்த மாதிரி இருக்கிறது என்றார். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. தூங்கும்போது கையை மடக்கிப் படுத்திருப்பேன் என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார்.

7:10க்கு பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். 7:20க்கு நாக்கு குழறியது. அத்தை பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கலந்து கொடுத்தார். குடித்ததும் புரையேறி, வலது கடைவாயில் வழிந்தது. 'வாதமா இருக்குமோ?' என்று நான் கேட்டபோது அத்தை சொன்ன பதில் மறக்காது: "கை கால்தான் நல்லா இருக்கேடா."

வலியும் இல்லை. மாரடைப்புக்கு நெஞ்சு வலிக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் உட்கார்ந்து யோசிக்கிறோம். நான் மாமாவைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் வலது உள்ளங்கை மெதுவாக உள்பக்கம் திரும்பி, கை தானாகக் கீழே இறங்கியது. அவருக்கோ இரண்டு கையும் நேராக இருக்கிற நினைப்பு. 108க்கு அடித்தோம்.

பல வருட பிபி மூளைக்குள் செய்வது இதுதான். பெரிய குழாயிலிருந்து நேரே ஆழத்துக்குப் பிரிந்து போகும் மயிரிழைக் குழாய்கள், அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்துக் குறுகிவிடும். முகம், கை, கால் மூன்றுக்கும் போகும் நரம்பு இழைகள் அங்கேதான் ஒரு குறுகலான சந்துக்குள் நெருக்கியடித்துப் போகின்றன. குழாய் பாதி அடைபட்டு மறுபடி ரத்தம் ஓடும்போது கை மரத்துச் சரியாகும். இப்படி ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வந்து வந்து போய், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுவதும் உண்டு. சரியாகிப் போனதே எச்சரிக்கை. அடுத்த 48 மணி நேரம்தான் ஆபத்து அதிகம். அதே நைந்த குழாய் அடைபடாமல் வெடிக்கவும் செய்யும். அப்போது தலைவலி, வாந்தி, நிமிடத்துக்கு நிமிடம் கூடும் மயக்கம் என்று வரலாம். ஆனால் வெளியிலிருந்து பார்த்து அடைப்பா கசிவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் சிடி ஸ்கேன் இல்லாத கிளினிக்குக்குப் போவது நேரத்தைத் தின்றுவிடும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுப்பதும் தப்பு. கசிவாக இருந்தால் கூடிவிடும்.

8:25க்கு அவசரப் பிரிவு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" எப்போது ஆரம்பித்தது என்று கேட்கவில்லை. நான் 6:10 என்றேன். நடுவில் முழுசாகச் சரியானாரா என்று கேட்டு, பேப்பர் படித்த கதையைக் கேட்டதும் 7:10 என்று எழுதிக்கொண்டார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குக் கணக்கு அங்கிருந்து நாலரை மணி நேரம். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால், இரவு படுக்கப்போன நேரம்தான் கணக்கு. பல பேருக்கு அங்கேயே வாய்ப்பு நழுவுகிறது. பெரிய குழாய் அடைத்தால் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் வழி இருக்கிறது, சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. மாமாவுடையது அந்த வகை இல்லை.

சர்க்கரை 132. (குறைந்த சர்க்கரையும் இதே மாதிரி வாய் குழற வைக்கும், அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுகிறார்கள்.) ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் பிபி 206/114. ஊசி போட 185/110க்குக் கீழே வர வேண்டும். இல்லையென்றால் ஊசியே ரத்தக்கசிவை உண்டாக்கலாம். நரம்பு வழியாக மருந்து ஏற்றிப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். கிளம்பும் முன்பே அத்தை பிபி மாத்திரை இரண்டு கொடுக்கப் போனதைத் தடுத்தது நல்லதாயிற்று. வாயில் போட்டது புரையேறியிருக்கும். அதோடு, அடைப்பைச் சுற்றிப் பாதி உயிரோடு இருக்கும் பகுதி அந்த அழுத்தத்தில்தான் ரத்தம் வாங்கிக்கொண்டிருக்கும். சடாரென்று குறைத்தால் அதுவும் போகும்.

9:10க்கு ஊசி. சரியாக இரண்டு மணி நேரம். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்பது கணக்கு. மாமாவுக்கு அடைத்தது சின்னக் குழாய், இழப்பும் சிறியது. ஆனால் அந்தச் சந்தில் சின்ன இழப்பே ஒரு கையை முடக்கப் போதும்.

சரி, தமிழில் என்னதான் சொல்வது? மாரடைப்பைப் போல மூளையடைப்பு என்றால் கசிவு விட்டுப்போகும். எனக்கு மூளைத்தாக்கு பிடிக்கிறது: எங்கே என்பதும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. பக்கவாதத்தை அதன் பின்விளைவுக்கு, பிசியோதெரபிக்குப் போகும் நாட்களுக்கு, வைத்துக்கொள்ளலாம். வாதம் என்று காதில் விழுந்ததுமே எண்ணெய் நீவலும் புறா ரத்தமும் நினைவுக்கு வருகிற ஊர் இது.

மாமா இப்போது நடக்கிறார், பேசுகிறார். சட்டைப் பொத்தான் மட்டும் வலது கைக்கு வசப்படவில்லை. யாராவது கேட்டால் 'மைல்ட் ஸ்ட்ரோக்' என்று சொல்லிக்கொள்வார். அத்தை அதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு: "அன்னிக்குப் பால் பாக்கெட் விழுந்ததே, அதுதான்."