நுரையீரலில் நீரா, நிமோனியாவா?

நள்ளிரவு தாண்டி 78 வயது அம்மா ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்குகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம். இருபது வருடமாக ரத்தக்கொதிப்பு, சில வருடங்களாக நாடித்துடிப்பு சீரில்லாமல் ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. உடல் சூடு 99.4 டிகிரிதான். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தால் இரண்டு பக்கமும் அடியில் நொறுநொறுவென்று கேட்கிறது.

இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், நிமோனியாவாகவும் இருக்கலாம். முதலாவது என்றால் நீரைப் பிரிய வைக்கும் லாசிக்ஸ் ஊசி வேண்டும். இரண்டாவது என்றால் அந்த ஊசி ஏற்கெனவே வற்றிக் கிடக்கும் உடம்பை இன்னும் வற்றவைத்து, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் கீழே தள்ளிவிடும்.

இரண்டிலும் மூச்சுச் சிற்றறைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் திரவம் நிற்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதில்தான் வேறுபாடு. நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் சாதாரணமாகப் பத்து மில்லிமீட்டர் பாதரசத்தை ஒட்டி இருக்கும். இடது இதயம் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் போனால் அந்த அழுத்தம் பின்னோக்கி ஏறும். 18ஐத் தாண்டினால் நீர் திசுக்களின் இடைவெளியில் கசியத் தொடங்கும். 25ஐத் தாண்டினால் சிற்றறைகளுக்குள்ளேயே இறங்கும். அழுத்தம் எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக ஏறுவதால் நீர் இரு பக்கமும் கோக்கும். நிமோனியாவில் கிருமி ஓர் இடத்தில் காலூன்றுகிறது; அந்த இடத்தின் குழாய்ச் சுவர் அழற்சியால் ஓட்டையாகி, புரதமும் வெள்ளணுக்களும் கலந்த திரவம் நிரம்புகிறது. ஒன்று அழுத்தத்தின் நோய், மற்றது இடத்தின் நோய். இனி செய்யும் ஒவ்வொரு சோதனையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் பெருமளவு விலகும்.

காய்ச்சல் இல்லையே என்று நிமோனியாவை ஒதுக்க முடியாது. முதியவர்கள் பலருக்கு நிமோனியா வந்தாலும் உடல் சூடு ஏறுவதில்லை. சாப்பாடு இறங்காமல் போவது, தடுமாறி விழுவது, பேச்சு குழம்புவது என்றுதான் அது தலைகாட்டும். அடியில் கேட்கும் நொறுநொறுப்பும் தனியே எதையும் சொல்லாது, நோயே இல்லாத முதியவரிடமும் அது கேட்கும். நான் நம்புவது கழுத்துச் சிரையை. முதுகை 45 டிகிரி சாய்த்து, தலையைச் சற்றுத் திருப்பி, துடிப்பின் மேல்முனை மார்பெலும்பு மேட்டிலிருந்து செங்குத்தாக 3 சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தால் இதயத்தின் வலப்பக்க அழுத்தம் கூடியிருக்கிறது. அதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நம் அம்மாவுக்குச் சிரை தெரியவே இல்லை. ரத்த அழுத்தம் 104க்கு 60. ரத்தக்கொதிப்புக்காரருக்கு இது தாழ்வு. நீர் கோத்துத் திணறுபவரின் அழுத்தம் பெரும்பாலும் ஏறித்தான் இருக்கும்.

“அம்மா ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுப்பாங்க?”

“எப்பவும் ஒண்ணுதான் டாக்டர். மூணு நாளா சாப்பாடே இறங்கலை. சாயங்காலத்துல இருந்து என்னையே யாருன்னு கேக்குறாங்க,” என்கிறார் மகன்.

அந்நேரம் ரத்தப் பரிசோதனை வருகிறது. இதயம் சுரக்கும் பெப்டைடான என்டி-புரோபிஎன்பி 2,600. 300க்குக் கீழே இருந்தால் இதயத் தளர்ச்சியை ஏறக்குறைய ஒதுக்கிவிடலாம்; 75 வயதைக் கடந்தவருக்கு 1,800க்கு மேல் போனால் இதயத் தளர்ச்சி என்று சாயலாம் என்பது வழக்கத்தில் உள்ள அளவு. இங்கேதான் கை தானாக லாசிக்ஸ் ஊசிக்குப் போகும். சற்று நிறுத்த வேண்டிய இடமும் இதுதான்.

இதன் உடன்பிறப்பான பிஎன்பி பெப்டைடை 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில்தான் முதலில் கண்டார்கள். மூளையின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டாலும், அதைப் பெருமளவில் சுரப்பது இதயக் கீழறைகள். கீழறைச் சுவர் இழுபடும்போது சுரப்பு கூடும். ஆக, அந்த எண் சொல்வது இதயச் சுவர் இழுபடுகிறது என்பதை மட்டுமே. நுரையீரலில் நீர் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அது ஏறும். சிறுநீரகம் தளர்ந்தால் வெளியேறாமல் தேங்கும். கடுமையான கிருமித்தொற்றிலும் ஏறும். உடல் பருமனானவரிடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக நிற்கும். அந்த அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு முன், மூச்சு நன்றாக இருந்த நாளில் எடுத்த பழைய சீட்டு கோப்பில் இருக்கிறது: 2,200. இன்றைய 2,600 அதிலிருந்து பெரிய ஏற்றமே இல்லை. முதியவரிடம் அட்டவணையின் எல்லையைவிட அவருடைய சொந்தப் பழைய எண்ணே நல்ல துணை.

எக்ஸ்ரேயைப் படுக்கையிலேயே எடுத்திருக்கிறார்கள். இப்படி முன்பக்கத்திலிருந்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும், அதை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. வலது அடியில் மங்கல் இருக்கிறது. நீர்க்கோவையில் எதிர்பார்க்கும் மேல்நோக்கிப் பருத்த குழாய்களோ, நுரையீரல் ஓரத்தில் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய கெர்லி கோடுகளோ இல்லை. ஆனாலும் தெளிவான எக்ஸ்ரே இதயத் தளர்ச்சியை ஒதுக்காது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் நீர்த்தேக்கம் அதில் தெரிவதில்லை.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி. காற்று நிறைந்த நுரையீரலில் ஒலி உள்ளே போகாமல் திரும்பும். அப்போது திரையில் கிடைமட்டக் கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும். இடைத்திசுவில் நீர் ஊறியதும், நுரையீரல் உறையிலிருந்து திரையின் அடிவரை மங்காமல் இறங்கும் ஒளிக்கோடுகள் தோன்றும். அவைதான் பி-கோடுகள். ஒரே விலா இடைவெளியில் மூன்றோ அதற்கு மேலோ, இரு பக்கமும் பல இடங்களில், உறை வழவழப்பாக இருந்தபடி தெரிந்தால் நீர்க்கோவை. உறை கரடுமுரடாக இருந்தால் நுரையீரல் தழும்பும் இதே கோடுகளைக் காட்டும் என்பதை மறக்கக்கூடாது.

நம் அம்மாவுக்கு இடப்பக்கம் முழுவதும் சுத்தம். வலது அடியில் நுரையீரல் கல்லீரல் போலக் கெட்டித்துத் தெரிகிறது. அதற்குள் வெள்ளைப் புள்ளிகள் மூச்சுக்கேற்ப நகர்கின்றன. அவை மூச்சுக்குழலில் அகப்பட்ட காற்று. வயிற்றின் பெருஞ்சிரை மெலிந்து, மூச்சிழுக்கும்போது ஒட்டிப்போகிறது. இது நிமோனியா, நீர் வற்றிய உடம்பு. ஆண்டிபயாட்டிக்கும் அளவான சலைனும் தொடங்கலாம், லாசிக்ஸ் வேண்டாம்.

தலைகீழான ஏமாற்றும் உண்டு. இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே உள்ள மைட்ரல் வால்வு திடீரெனக் கிழிந்து ரத்தம் பின்னே பீய்ச்சினால், அந்தப் பீய்ச்சல் வலது மேல் நுரையீரல் சிரையை நோக்கிப் போகலாம். அப்போது நீர் வலது மேல் மடலில் மட்டும் கோத்து, எக்ஸ்ரேயில் அச்சு அசலாக நிமோனியாவாகத் தெரியும். அழுத்தமே ஓர் இடத்தில் குவிந்துவிட்டதால், அழுத்தம் என்றால் இரு பக்கமும் என்ற என் விதி உடையும் சந்தர்ப்பம் இது. இதயத்தில் புதிதாகக் கேட்கும் முறுமுறுப்பும், ஆண்டிபயாட்டிக்குக்கு அசையாத திணறலும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னும் கடினமானது இரண்டும் சேர்ந்து வருவது. நிமோனியா தளர்ந்த இதயத்தின் மேல் ஏறி அதைச் சாய்ப்பது முதியவரிடம் அன்றாடம் நடப்பது. கழுத்துச் சிரை புடைத்திருக்கும், இரு பக்கமும் பி-கோடுகள் இருக்கும், ஒரு மூலையில் கெட்டித்த நுரையீரலும் இருக்கும். இந்த நேரத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயல்வது வீண். இரண்டுக்கும் மருந்தைத் தொடங்கி, சில மணி நேரம் கழித்து அதே இடங்களில் ஸ்கேனை மறுபடி வைக்க வேண்டும். நீர் ஊசிக்குக் கோடுகள் குறையும். கெட்டித்த மூலை அப்படியே நிற்கும். எக்ஸ்ரேயில் அது கரைய முதியவருக்குப் பல வாரம் ஆகும்.